மேல்காற்று

பண்ணவாடிப் பரிசல் துறையில் அன்று மாலை நான்கு மணிக்கே காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. அந்தச் சித்திரையில் மேட்டூர் அணையின் நீர் வெகுவாக இறங்கியிருந்ததால், அணை கட்டியபோது ஊரோடு மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே வந்து, கழுத்து மணி தெரிய வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நீர் 120 அடிக்கு நிரம்பும் காலத்தில் அந்த இடத்தின் மேலேயே பரிசல் விடுவார்கள். இப்போது கரையே வெகுதூரம் உள்ளே போய்விட்டது. அது வரைக்கும் வெடித்த வண்டல்தான்.

மாதேஷ் அந்த வண்டலின் ஓரத்தில் நின்றிருந்தான். வயது பதினான்கு. விடுமுறை நாட்களில் அப்பாவின் பரிசலில் துடுப்புப் போடுவது அவன் வேலை. வலை விடுவதற்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் வலையைப் பிரித்துப் பிரித்து நீரில் இறக்க, மற்றவர் பரிசலைச் சுழலவிடாமல் மெல்ல நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இன்று அவன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். கொளத்தூரில் பையன்களோடு கிரிக்கெட் ஆடப் போக வேண்டும் என்பது காரணம். அப்பா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அம்மாதான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "நான் வர்றேன், விடுங்க" என்று எழுந்தாள். அவனுடைய துடுப்பு எங்கே என்று அவள் கேட்டபோது, அதை முன்னரே கூரைச் சந்தில் செருகிவைத்திருந்த அவன், தெரியாது என்றான். அம்மா மூலையில் கிடந்த பழைய துடுப்பை எடுத்துக்கொண்டு போனாள். அதன் நடுவில் ஒரு கீறல் இருந்தது. கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

ஆட்டமும் நடக்கவில்லை. மட்டை வைத்திருந்தவன் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டானாம்.

ஐந்து மணிக்கு மேற்கே பாலமலையின் முகட்டில் மேகம் ஏறியது. முதலில் மலைக்குமேல் இன்னொரு மலை முளைத்ததுபோல் இருந்தது. பிறகு உச்சி எது, மேகம் எது என்று பிரிக்க முடியாமல் இரண்டும் ஒரே மை நிறமாயின. கரையோரச் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் யாரும் விரட்டாமலே ஒன்றாக எழுந்து கிழக்கே போயின. நீர் மட்டும் எண்ணெய்போல் அசையாமல் கிடந்தது. கோடை மழையை அறிந்தவர்கள் இடியைவிட இந்த அசையாமைக்குத்தான் அஞ்சுவார்கள்.

தொலைவில், பழைய ஆற்றுப் பள்ளம் இருக்கும் திசையில், மூன்று பரிசல்கள் புள்ளிகளாகத் தெரிந்தன. எது தங்களுடையது என்று அவனால் சொல்ல முடியவில்லை. பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது என்பதால், வருகிறதா போகிறதா என்பதையும் தொலைவிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. புள்ளி பெரிதாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

முதல் மின்னல் வெட்டியதும் அவன் எண்ணத் தொடங்கினான். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும் என்று பள்ளியில் படித்திருந்தான். பன்னிரண்டில் இடி கேட்டது. நான்கு கிலோமீட்டர். அடுத்த முறை ஒன்பது. அதற்கு அடுத்த மின்னலுக்கு எண்ணிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது.

"டேய், அங்க என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? பரிசலைக் கவுத்துப் போடு, காத்து தூக்கிக்கிட்டுப் போயிரும்!"

பக்கத்துக் கொட்டகை ஆயாதான். மற்றவர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்கள். மாதேஷ் வீட்டு இரண்டாவது பரிசல் வண்டலில் மல்லாந்து கிடந்தது. மூங்கில் பட்டைகளைக் கூடைபோல் முடைந்து, அடியில் பிளாஸ்டிக் சாக்கை ஒட்டித் தார் பூசிய பரிசல் அது. இரண்டு ஆளை ஏற்றிக்கொண்டு ஆழத்தில் நிற்கும், ஆனால் வெறும் பரிசல் கரையில் கிடந்தால் பலத்த காற்றுக்கு முறம்போலப் பறக்கும். மாதேஷ் விளிம்பைப் பிடித்துத் தூக்கினான். வெயிலில் இளகியிருந்த தார் உள்ளங்கையில் ஒட்டியது. அவன் ஒரு பக்கமும் ஆயா ஒரு பக்கமுமாகக் கவிழ்த்தபோது காற்று வந்துவிட்டது.

முதலில் வந்தது மண். காய்ந்த வண்டல் முழுவதும் எழுந்து முகத்தில் அறைந்தது. கண்ணை மூடிக்கொண்டே, வலைக்குக் கட்டி வைத்திருந்த கற்களைத் தடவித் தடவி எடுத்து விளிம்பின்மேல் ஏற்றினான். நான்கு கல், ஐந்து கல். ஆறாவது கல்லை வைத்துவிட்டுத் திரும்பியபோது நந்தியைத் தவிர நீர்ப்பக்கம் வேறெதுவும் தெரியவில்லை. மூன்று புள்ளிகளும் இல்லை.

"வா சாமி, இடி விழுகுற நேரத்துல தண்ணியோரம் நிக்கக் கூடாது" என்று ஆயா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா உள்ள இருக்குது ஆயா."

"உங்கப்பன் இருக்கானில்ல. காத்துக்கு எதுக்கத் துடுப்புப் போட மாட்டான். பரிசலுக்குள்ள குந்திக்குவாங்க. காத்து எங்க கொண்டுபோய் விடுதோ அங்க எறங்கிக்குவாங்க."

அப்பாவும் அதையே சொல்லித் தந்திருக்கிறார். காற்றோடு சண்டை போட்டால் பரிசல் பம்பரமாகும். தாழ உட்கார்ந்து கனத்தை நடுவில் வைத்தால் அது அலைமேல் ஏறி ஏறி இறங்கும். கொட்டகையின் தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் ஆயா மேலும் ஏதோ சொன்னது கேட்கவில்லை. மாதேஷ் வாசலிலேயே நின்றான். மழை தன் முகத்தில்தான் அடிக்கிறதா, முதுகில் அடிக்கிறதா என்று அப்போதுதான் கவனித்தான். அவன் கிழக்கே நீரைப் பார்த்து நின்றிருந்தான். மழையோ பின்னாலிருந்து, கொட்டகையின் தட்டியைத் துளைத்து வந்துகொண்டிருந்தது. மேல்காற்று. இந்தக் காற்று எதையும் பண்ணவாடிக்குக் கொண்டுவராது. எல்லாவற்றையும் தர்மபுரி மாவட்டத்துப் பக்கம், நாகமரைக் கரைக்குத்தான் தள்ளும். அவன் எவ்வளவு நேரம் இங்கே நின்றாலும் பரிசல் இந்தத் துறைக்கு வரப்போவதில்லை.

இருந்தும் அவன் அங்கிருந்து நகரவில்லை.

முக்கால் மணி நேரத்தில் மழை விட்டது. இருட்டு மட்டும் நின்றது. நீரின் வாடையும் ஊறிய மண்ணின் வாடையும் கலந்து வந்தன. எதிர்க்கரையில் ஒரு விளக்குகூட இல்லை, மின்சாரம் போயிருக்க வேண்டும். ஒரு பரிசல் தெற்கே வெகுதூரம் தள்ளி ஒதுங்கியதாகவும், அதில் இருந்தவர்கள் நலம் என்றும் ஓர் ஆள் வந்து சொன்னார். அது மாமா வீட்டுப் பரிசல். மற்ற இரண்டைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை.

எட்டு மணிக்குமேல் ஆயாவின் கைபேசி ஒலித்தது. தெரியாத எண். யாரோ ஒருவர் "பண்ணவாடிங்களா?" என்று கேட்டார், பிறகு இரைச்சல், பிறகு அம்மா.

"பரிசலைக் கவுத்துப் போட்டயா?"

"போட்டேம்மா."

"கல்லு?"

"ஆறு கல்லு வெச்சிருக்கு."

"நாங்க நாகமரையில இருக்கோம். டீக்கடைக்காரரு போன். வலை போச்சு, போனாப் போவுது. அந்தத் துடுப்பு ஒடிஞ்சுபோச்சு கண்ணு, அப்பா கையிலயே தண்ணி தள்ளிக்கிட்டு வந்தாரு." சற்று நிறுத்தினாள். பின்னால் அப்பா எதையோ சொன்னார், அவளும் கேட்டுக்கொண்டாள். "காலையில யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா, அவங்களோட ஒரு துடுப்பு குடுத்துவிடச் சொல்றாரு."

"நானே வர்றேன்" என்றான் மாதேஷ்.

பேசி முடித்ததும் ஆயாவின் டார்ச்சை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். கூரைச் சந்தில் கையை விட்டான். துடுப்பு நனைந்திருந்தது. சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிய கைப்பிடியில் அவன் உள்ளங்கைத் தார் ஒட்டிக்கொண்டது. அதை வெளியே இழுத்து, வேட்டித் துணியால் அடிமுதல் நுனிவரை துடைத்து, விடியும்போது கைக்கு எட்டும் இடத்தில், பாயின் ஓரமாக வைத்தான்.