குட்டிம்மா: தென்காசி வீட்டில் முதல் வருடம், மாதம் ஒரு படம்

பிப்ரவரி 20
பிறந்தபோது 2 கிலோ 900 கிராம். இன்று 3 கிலோ 800. இந்தத் தொள்ளாயிரம் கிராமுக்குள் எங்கள் முப்பத்தொரு இரவுகளும் இருக்கின்றன.

மார்ச் 20
தூக்கத்தில் சிரித்தால் “நரி விரட்டுது” என்பார் ஆச்சி. இது அந்தச் சிரிப்பு இல்லை. விழித்திருந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள். காலை 6.10.

ஏப்ரல் 20
வசம்பு வளையல் போட்ட இந்தக் கை தன்னுடையது என்று இன்றுதான் தெரிந்திருக்கிறது. திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். வீட்டில் யாரும் பேசவில்லை.

மே 20
குப்புற விழுந்தாச்சு! ஆச்சி கொழுக்கட்டை அவித்தார். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை.

ஜூன் 20
குற்றாலத்தில் சீசன். ஜன்னல் வழியே சாரல் வருகிறது. பாயில் இரண்டு கையையும் ஊன்றி, தலையை நிமிர்த்தி, முன்னும் பின்னும் ஆடுகிறாள். பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் செங்கீரைப் பருவம். கல்லூரியில் பரீட்சைக்காகப் பத்துப் பருவங்களையும் வரிசையாக மனப்பாடம் செய்தேன். காற்றில் கீரைத்தண்டு அசைகிற மாதிரி என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அப்போது எனக்கு அது வெறும் விடை. எழுதிய புலவர்கள் ஒரு குழந்தையின் பக்கத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்!

ஜூலை 20
முதல் ராகிக் கூழ், இரண்டு ஸ்பூன். ஒன்று வாய்க்குள், ஒன்று தாத்தாவின் வெள்ளை வேட்டியில். ராத்திரி வரை வேட்டியை மாற்ற மாட்டேன் என்றுவிட்டார்.

ஆகஸ்ட் 20
உட்கார்ந்தாள். சுற்றிலும் அடுக்கிய தலையணைகள் தேவைப்படவில்லை.

செப்டம்பர் 20
எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுக்கும்போது ‘டிங்’ என்றது. கீழ் ஈறில் பச்சரிசி மணி போல இரண்டு.

அக்டோபர் 20
தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி. அழுது முடித்து, ஊசி போட்ட அக்காவைப் பார்த்தே கை தட்டினாள். இது சப்பாணிப் பருவம், கணக்குத் தப்பவில்லை.

நவம்பர் 20
போன வாரம் வரை நிலைப்படி வரை தவழ்ந்து வந்து, தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். இன்று ஒரு முட்டியைத் தூக்கி வைத்தாள், அப்புறம் இன்னொன்று. தாண்டிவிட்டாள். திண்ணையில் உட்கார்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஓடிப்போய்த் தூக்காமல், உள்ளேயே நின்று எடுத்த படம்.

டிசம்பர் 20
காக்காவுக்கு ‘கா’. தாத்தாவுக்கு ‘தா’. மார்கழிக் கோலத்தின் பூசணிப்பூவுக்கு ‘ப்பூ’. எனக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. காத்திருக்கிறேன்.

ஜனவரி 20
சுவரைப் பிடித்து நாலடி வைக்கிறாள். கையை விட அவளுக்கு இன்னும் மனம் வரவில்லை. சரி, எப்போது தோன்றுகிறதோ அப்போது விடட்டும்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது. இருட்டில் என் முகத்தைத் தடவிக் கண்டுபிடித்து “ம்மா” என்றாள். அதற்குப் படம் இல்லை. இது இன்று காலை குலதெய்வம் கோயிலில், மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பிறகு எடுத்தது.