கூலிங் டவர் நீர்ப் பராமரிப்புப் பதிவேடு: 2024 மே 6 முதல் 11 வரை

காரைக்குடி வட்டார ஆலை, 1-ஆம் எண் டவர். ஆங்கிலப் பதிவேட்டின் தமிழ் வடிவம், மூன்று ஷிப்டுக்கும் பொது.

அடிப்படைக் கணக்கு
டவரும் குழாய்களும் சேர்ந்து 60 கன மீட்டர் தண்ணீர். மணிக்கு 500 கன மீட்டர் சுற்றுகிறது. போகும் நீருக்கும் வரும் நீருக்கும் 6 டிகிரி வித்தியாசம் இருந்தால், மணிக்குச் சுமார் 4.6 கன மீட்டர் ஆவியாகும். ஆவியில் உப்பு போகாது, அத்தனையும் தொட்டியிலேயே தங்கும். போர்வெல் நீரின் கடத்துதிறன் 620 மைக்ரோசீமென்ஸ். டவரில் அதை 4 மடங்கில், அதாவது 2480-இல் நிறுத்த வேண்டும் என்றால் மணிக்கு 1.5 கன மீட்டர் ப்ளோடவுன் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

மே 6, திங்கள், ஏ ஷிப்ட்
கடத்துதிறன் 2470, பி.எச். 8.5, கால்சியம் கடினம் 555. கண்டன்சர் அப்ரோச் 1.8 டிகிரி. குறிப்பு ஏதும் இல்லை.

மே 7, செவ்வாய்
ஏ ஷிப்ட்: 2480. பகல் 2 மணிக்கு ப்ளோடவுன் குழாயில் ஓட்டம் பார்க்கப்பட்டது, சரி.
பி ஷிப்ட்: ரீடிங் இல்லை.
சி ஷிப்ட்: "மாற்றம் இல்லை" என்று மட்டும் எழுதியிருக்கிறது. எதை வைத்து மாற்றம் இல்லை என்று எழுதினார்கள்? மீட்டரைப் பார்த்தால் எண்ணை எழுதுங்கள். பார்க்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

மே 8, புதன், ஏ ஷிப்ட்
காலை 6 மணிக்கு 3240, பி.எச். 8.9. ப்ளோடவுன் சொலினாய்டு வால்வு திறக்கவே இல்லை. கழற்றிப் பார்த்தபோது முன்னால் இருக்கும் வடிகட்டியில் செம்மண்ணும் பாசியும் சேர்ந்து களிபோல் அடைத்திருந்தது. வால்வு அடைபட்டால் மணிக்கு 47 வரை ஏறும். 16 மணி நேரத்துக்குக் கணக்கு சரியாக வருகிறது. ஆக, நேற்றுப் பகல் 2 மணிக்குப் பிறகு உடனே அடைபட்டிருக்கிறது.

குளோரைடு 70-இலிருந்து 362 ஆகியிருக்கிறது, அதாவது 5.2 மடங்கு. கால்சியமும் அதே கணக்கில் 140-இலிருந்து சுமார் 730 ஆகியிருக்க வேண்டும். இருப்பதோ 610. குறையும் 120 மில்லிகிராமை 60 கன மீட்டரால் பெருக்கினால் 7 கிலோவுக்கு மேல் சுண்ணாம்புப் படிவு. அது எங்கே போயிருக்கும்? சூடான இடத்தில்தான் முதலில் ஒட்டும். கண்டன்சர் அப்ரோச் 2.6 டிகிரி ஆகியிருப்பது அதைத்தான் காட்டுகிறது.

கை வால்வைத் திறந்து மணிக்கு 8 கன மீட்டர் வீதம் மூன்று மணி நேரம் ப்ளோடவுன் விட்டோம். 2490-க்கு வந்தது. நீர் முழுதும் தேக்கத் தொட்டிக்குப் போனது. ஊருணிப் பக்கம் போகும் மழைநீர் வடிகாலில் ஒரு சொட்டும் விடக்கூடாது. கோடையில் அந்த ஊருணியை ஊரே நம்பி இருக்கிறது.

டிப் ஸ்லைடு எடுத்து வைக்கப்பட்டது.

மே 9, வியாழன்
ஏ ஷிப்ட்: 2480. அப்ரோச் 2.6, இறங்கவில்லை. படிந்தது தானாகக் கரையாது.
பி ஷிப்ட்: மாலை 6:30-க்கு ஹைபோ 3 லிட்டர். இரவு 7 மணிக்கு மிச்சக் குளோரின் 0.9, இரவு 9 மணிக்கு 0.5. வெயில் இருக்கும்போது போட வேண்டாம், குளோரின் சிதைந்துவிடும். பி.எச். 8.5-இல் இருக்கும் குளோரினில் பத்தில் ஒரு பங்குதான் வேகமாகக் கொல்லும் வடிவில் இருக்கிறது, அதனால்தான் இரண்டு மணி நேரம் பிடித்து வைக்கிறோம். அக்னி நட்சத்திரம் முடியும் வரை ஹைபோ கேன் ஷெட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அமிலக் கேனைப் பக்கத்தில் வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

மே 10, வெள்ளி
ஏ ஷிப்ட்: புதன்கிழமை ஸ்லைடில் மில்லிலிட்டருக்குப் பத்தாயிரம். வரம்பின் விளிம்பு. இன்று இரவு ஐசோதயசோலினோன்.
பி ஷிப்ட்: பயோசைடு போட்டதும் ப்ளோடவுனை ஆறு மணி நேரம் மூட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து வடிந்து போய்விடும். மூடினால் கடத்துதிறன் சுமார் 285 ஏறும். அதனால் மாலை 6:30 முதல் 8 மணி வரை முன்கூட்டியே விட்டு 2200-க்கு இறக்கினோம். 8 மணிக்கு 6 லிட்டர், அதாவது 100 பி.பி.எம். கையுறை, கண்ணாடி கட்டாயம். தோலில் பட்டால் அரிப்பு வரும், ஒருமுறை வந்தவருக்கு அடுத்த முறை கொஞ்சம் பட்டாலே வரும்.
சி ஷிப்ட்: இரவு 2 மணிக்கு 2470. ப்ளோடவுன் திறக்கப்பட்டது, தேக்கத் தொட்டிக்கு மட்டும். ஈ.டி.பி.-க்கு நேராக விட்டால் அங்குள்ள பாக்டீரியாவும் செத்துப் போகும்.

மே 11, சனி, ஏ ஷிப்ட்
2480, பி.எச். 8.5. கால்சியம் 550. புதிதாகப் படியவில்லை. அப்ரோச் 2.6. புது ஸ்லைடு எடுத்தாயிற்று, திங்கட்கிழமை காலை ஏ ஷிப்ட் பார்க்க வேண்டும். கண்டன்சர் மூடியைத் திறந்து குழாய்களைத் தேய்க்க மெயின்டனன்ஸுக்குச் சொல்லியாயிற்று. பழைய படிவு எடுத்தபின் அப்ரோச் 2-க்குக் கீழே வரவில்லை என்றால் கெமிஸ்டைக் கூப்பிடவும். இனி ப்ளோடவுன் வடிகட்டியை ஒவ்வொரு ஷிப்டும் திறந்து கழுவ வேண்டும்.