உப்புக் கால்கள்

என் அம்மா தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்கிறார். விடியும் முன்பே கிளம்பிவிடுவார், வெயில் ஏறினால் உப்பின் வெளிச்சத்தில் கண் கூசும், காலில் சின்ன வெடிப்பு இருந்தாலும் போதும், உப்புத் தண்ணீர் பட்டு நாள் முழுக்க எரியும். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அந்தக் கால்களைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். பென்சிலிலும் எண்ணெய் வண்ணத்திலும் படம் அழகாக வந்தது, அந்த எரிச்சல் வரவில்லை.

அப்புறம் மூன்றாம் ஆண்டில் மரச்செதுக்கு அச்சுக்கு வந்தேன். இதில் வெள்ளைக்கென்று மை கிடையாது. எது வெள்ளையாகத் தெரிய வேண்டுமோ அதை உளியால் தோண்டி எடுத்துவிட வேண்டும், மிச்சம் நிற்கிற மரம்தான் கறுப்பு மையை வாங்கும். உப்பைத் தோண்டித்தான் கொண்டுவர முடியும் என்று புரிந்த அன்று எனக்குக் கை நடுங்கியது.

இங்கே 14 அச்சுகள் இருக்கின்றன. அம்மாவின் கால்கள், அவரோடு வேலை செய்யும் அக்காக்களின் கால்கள். முகம் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அதனால் எதிலும் முகம் இல்லை. கடைசிச் சுவரில் இருக்கும் பெரிய அச்சுக்கு மட்டும் பலகையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டேன். ஓரத்தில் ஓடும் விரிசல்கள் தானாக விழுந்தவை. அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.