ஏடிஎம்மில் வராத ரூ.10,000-ஐத் திரும்ப வரவு வைக்கக் கோரும் மனு

மயிலாடுதுறை,
17.03.2025

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
மயிலாடுதுறை கிளை.

பொருள்: 08.03.2025 அன்று பணம் வராமல் கணக்கில் கழிக்கப்பட்ட ரூ.10,000, புகார் தவறாக முடிக்கப்பட்டதை மறுபடி திறக்கக் கோருதல்.

ஐயா,

தங்கள் கிளையில் எனக்குச் சேமிப்புக் கணக்கு உள்ளது (கடைசி 4 இலக்கம் 4417, டெபிட் கார்டின் கடைசி 4 இலக்கம் 9052).

08.03.2025 சனிக்கிழமை இரவு 7.42-க்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் ரூ.10,000 எடுக்க முயன்றேன். அறையில் இரண்டு மெஷின்கள்; நான் நின்றது நுழைந்ததும் இடது பக்கம் உள்ளது. நோட்டு எண்ணும் சத்தம் கேட்டது. ஆனால் பணம் வரும் வாயின் மூடி திறக்கவே இல்லை. திரையில் UNABLE TO DISPENSE CASH என்று வந்து கார்டு வெளியே வந்தது. ரசீது வரவில்லை. அதே நிமிடம் ரூ.10,000 கழிந்ததாக எஸ்எம்எஸ் வந்தது, இருப்பு ரூ.23,460.50-இலிருந்து ரூ.13,460.50 ஆனது.

மெஷினில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் உள்ள ஏடிஎம் எண்: S1MY0427
பரிவர்த்தனைக் குறிப்பு எண் (RRN): 506719004826

அன்றிரவே 8.10-க்கு வேறொரு ஏடிஎம்மில் ரூ.3,000 எடுத்தேன். அது சரியாக வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

8.25-க்கு வாடிக்கையாளர் சேவையில் புகார் பதிந்தேன். 12.03.2025 அன்று "பரிவர்த்தனை வெற்றி" என்று எஸ்எம்எஸ் அனுப்பிப் புகாரை முடித்துவிட்டார்கள். கணினியில் 00 என்ற குறியீடு இருந்தால் பணம் தர அனுமதி போனது என்றுதான் பொருள். நோட்டு என் கைக்கு வந்ததற்கு அது சான்றாகாது. எண்ணிய நோட்டு சிக்கினால் மெஷினுக்குள் இருக்கும் கழிவுப் பெட்டிக்குப் போய்விடும். ஆகவே ஏடிஎம் வைத்திருக்கும் வங்கியிடமிருந்து இவற்றைப் பெற்றுப் பார்க்கும்படி கேட்கிறேன்: 7.42 மணிக்கான மின்னணுப் பதிவேடு (EJ), அதற்குப் பிறகு நடந்த முதல் பணக் கணக்கெடுப்பில் உபரி காட்டிய விவரம், 7.35 முதல் 7.50 வரையிலான சிசிடிவி பதிவு. அந்தப் பதிவு பழசானால் தானாக அழிந்துவிடும் என்பதால், எடுத்துவைக்கச் சொல்லி இன்றே எழுத வேண்டுகிறேன்.

ரிசர்வ் வங்கியின் 20.09.2019 சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளைக்குள் பணம் தானாகத் திரும்பியிருக்க வேண்டும். அந்தக் கெடு 13.03.2025-உடன் முடிந்தது. அதற்கு மேல் நாளொன்றுக்கு ரூ.100 ஈட்டுத்தொகையை நான் கேட்காமலே தர வேண்டும் என்பதும் அதே சுற்றறிக்கைதான். இன்றுவரை 4 நாளுக்கு ரூ.400, பணம் வரவாகும் வரை இது கூடும்.

ரூ.10,000-ஐயும் ஈட்டுத்தொகையையும் தனித்தனி வரவாகக் கணக்கில் சேர்த்து, எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன். மீண்டும் மறுத்தால் மேற்கண்ட EJ நகலை இணைத்துத் தரவும். முதல் புகாரிலிருந்து 30 நாள், அதாவது 07.04.2025-க்குள் தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாக முறையிடுவேன். இதை விசாரிக்க பின் நம்பரோ ஓடிபியோ தேவையில்லை. போனில் யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

இணைப்பு: பாஸ்புக் நகல் (முழுக் கணக்கு எண்ணுடன்), மூன்று எஸ்எம்எஸ்களின் படம், ஏடிஎம் ஸ்டிக்கரின் புகைப்படம். இந்த மனுவின் இரண்டாம் பிரதியில் தேதியுடன் கிளை முத்திரை இட்டுத் தரவும்.

இப்படிக்கு,
சு. கலைச்செல்வி