இடப்பக்கம் ஒரு இஞ்ச்

காரிமங்கலம் சந்தைத் தெருவில் மலர்விழி தையல் கடை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தைத்த ஜாக்கெட்டுகளைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொண்டிருந்தாள். விலை கேட்பவர்கள் நிறைய. தைக்கச் சொன்னவர் ஒருவரும் இல்லை. முதலாவதாகச் சொன்னவர் ஆஸ்லோவில் இருந்தார்.

ரஞ்சனி என்று பெயர். யாழ்ப்பாணத்துக்காரர், நார்வே போய்ப் பல வருஷம் ஆகிவிட்டதாம். மகளின் கல்யாணத்துக்கு மாம்பழ மஞ்சள் பட்டுப் புடவை. அதற்கு லைனிங் வைத்து முழங்கை வரை கை வைத்த ஜாக்கெட் வேண்டும். சென்னையில் இருக்கும் அவர் தங்கை முன்பணத்தை ஜிபேயில் போட்டுவிட்டார். துணியோடு சேர்த்து ஆயிரத்து இருநூறு, தபால் செலவு தனி. அந்தத் தொகையை டைப் செய்யும்போது மலருக்குக் கை நடுங்கியது. ஊரில் லைனிங் ஜாக்கெட்டுக்கு முந்நூறு கேட்டாலே முகம் சுளிப்பார்கள்.

அளவுகள் சென்டிமீட்டரில் வந்தன. மார்பு 91.5. இரண்டரையால் வகுத்தால் சரியாக வராது, 2.54 என்று போட்டால்தான் 36 இஞ்ச் வரும். ஒவ்வொன்றாக வகுத்து நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். தோளிலிருந்து இடுப்பு வரை வலப்பக்கம் 38, இடப்பக்கம் 35.5.

டேப்பைக் கோணலாகப் பிடித்திருப்பார் என்றுதான் முதலில் நினைத்தாள். இரண்டுக்கும் நடுவே 37 போட்டு வெட்டிவிடலாமா? பக்கத்து ஊர் அக்காவாக இருந்தால், "ஒரு தடவ போட்டுப் பாருங்க, பிடிச்சா பிரிச்சுத் தரேன்" என்று சொல்லிவிடலாம். ஆஸ்லோவிலிருந்து யார் வருவார்கள்? வேறு வழியில்லாமல் கேட்டாள்.

"அளவு சரிதான் பிள்ளை" என்று குரல்பதிவு வந்தது. "சின்ன வயசிலயிருந்தே எனக்கு முதுகெலும்பு வளைவு. இடப்பக்கத் தோள் பதிஞ்சுதான் இருக்கும். கடையில வாங்கிற எதுவும் அந்தப் பக்கம் நிக்காது. கல்யாணத்தில ஒவ்வொரு படத்திலயும் நான் தோளை இழுத்துக்கொண்டு நிக்கக்கூடாது. அதுதான் உங்களிட்ட கேக்கிறன்."

மலர் அதை இரண்டாம் முறை கேட்டபோது பெரியம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல இடது கை மேலே போய், வழிந்த ஜாக்கெட்டைத் தோளில் ஏற்றிவிட்டுக் கீழே வந்தது. புளி சீசனில் வருஷா வருஷம் மூட்டை தூக்கி இறங்கிய தோள் அது. மலர் பிறந்ததிலிருந்து பார்க்கும் கைவீச்சு. அதைப் பெரியம்மாவின் பழக்கம் என்றே நினைத்திருந்தாள்.

"பெரிம்மா, கொஞ்சம் எந்திரிச்சு நில்லேன்."

பழைய வேட்டியில் ஒரு மாதிரி வெட்டினாள். இடப்பக்கத் தோளை ஒரு இஞ்ச் இறக்கி, ஊசி குத்தி மாட்டிவிட்டதும் அக்குளில் பிடித்துக்கொண்டது. தோளை இறக்கினால் கைக்குழி சின்னதாகிவிடும் என்பது அப்போதுதான் புரிந்தது. கைக்குழியையும் அதே ஒரு இஞ்ச் கீழே கொண்டுபோனாள். பிடிப்பு விட்டது. மார்பு டக்கும் இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியாக வேண்டும். இப்படியே வலது, இடது என்று இரண்டு பேட்டர்ன் தனித்தனியாகக் காகிதத்தில் எழுந்தன. ஒன்றை மடித்துப் போட்டு இரண்டு பக்கமும் சேர்த்து வெட்டும் வேலை இதில் செல்லாது.

பர்கூர் போய்த் துணியும் லைனிங்குக்கு டூ பை டூவும் வாங்கி வந்தாள். ஓரங்களில் ஒரு இஞ்ச் உள்தையல் விட்டாள். அங்கே யாராவது பிரித்துத் தைக்க வேண்டி வந்தால் துணி இருக்க வேண்டுமே. ஊக்குகளைக் கையாலேயே தைத்தாள்.

தருமபுரி தலைமைத் தபால் நிலையத்தில் சுங்கப் படிவம் கொடுத்தார்கள். உள்ளே என்ன, எத்தனை, என்ன எடை, என்ன மதிப்பு. கவுன்ட்டரில் இருந்தவர் எடை பார்த்துவிட்டு, "மதிப்பு எவ்ளோம்மா போடறது?" என்றார். "ஆயிரத்து இருநூறு" என்றாள். இந்த முறை கை நடுங்கவில்லை.

பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு ரஞ்சனி ஒரு படம் அனுப்பினார். இரண்டு கைகளையும் கீழே தொங்கவிட்டு, கண்ணாடி முன்னால் நேராக நின்றிருந்தார். "இன்னும் ரெண்டு தைச்சுத் தாங்கோ" என்று கீழே எழுதியிருந்தது.

மலர் போனைப் பெரியம்மாவிடம் நீட்டினாள். பெரியம்மா கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தாள்.

"அந்த வேட்டித் துணியில ஒண்ணு போட்டுப் பாத்தியே, அத என்னா பண்ண?"

"இருக்கு பெரிம்மா."

"அதே மாதிரி எனக்கொண்ணு தெச்சுடு. நல்ல துணியில. அந்தம்மாகிட்ட வாங்கின காசையே என்கிட்டயும் வாங்கிக்க."

"உன்கிட்ட நான் காசு வாங்குவனா?"

"வாங்கித்தான் ஆவணும். இல்லன்னா மத்தவங்களுதெல்லாம் முடிச்சிட்டு, தீபாவளிக்கு அப்புறந்தான் என்னுத எடுப்ப."

மலர் டேப்பை எடுத்தாள். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி வலது, இடது என்று இரண்டு கட்டம் போட்டாள்.