கடல் உயிரியல் இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகளுக்கு: ஐந்து நோட்டுகளோடு ஒரு கடிதம்

மார்ச் 10, பாம்பன்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

ஆய்வகத்தின் கண்ணாடி அலமாரியில், நுண்ணோக்கிப் பெட்டிகளுக்குக் கீழ்த்தட்டில், நீல அட்டை போட்ட ஐந்து நோட்டுகளை வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளில் படித்ததை நான் சுருக்கி எழுதியவை. இனி அவை உங்களுடையவை. ஒருவர் வீட்டிலேயே தங்கிவிடாமல், நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அதே தட்டில் வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கும் அது வேண்டும்.

நோட்டைத் திறக்கும் முன் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சீனியர் அக்கா ஒருவர் தந்த சுருக்கத்தை வைத்துக்கொண்டு, பாடப் புத்தகத்தைத் தொடாமல் முதல் பருவத்தை ஓட்டினேன். விலங்கியல் தாளில் அரியர் விழுந்தது. அக்காவின் நோட்டில் பிழை இல்லை. அவர் படித்ததை நினைவில் கொண்டுவர அவருக்கு அந்த நான்கு வரி போதுமாக இருந்தது. எதையுமே படிக்காத எனக்கு அவை வெறும் சொற்களாக நின்றன. ஆகவே என் நோட்டைத் தேர்வுக்கு முந்தைய பதினைந்து நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் புத்தகம், வகுப்பு, கரை. இந்த மூன்றும் போதும்.

கரை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கல்லூரியில் முதல் மாதம் ஆசிரியர் பலகையில் 'சைகானஸ்' என்று எழுதினார். அது என்ன மீன் என்று தெரியாமல் மனப்பாடம் செய்தேன், மறந்தேன், மீண்டும் செய்தேன். ஒரு சனிக்கிழமை அப்பாவின் வள்ளத்தில் வலையிலிருந்து மீன் எடுக்கும்போது முள் குத்தி விரல் கடுத்தது. "ஓராவைப் பார்த்துப் பிடிக்கத் தெரியாதா?" என்றார் அப்பா. ஓராதான் சைகானஸ். அதன் வயிற்றுத் துடுப்பில் இரு ஓரங்களிலும் முள், நடுவில் மூன்று மென்கதிர்கள்; வேறு எந்த மீன் குடும்பத்திலும் இந்த அமைப்பு இல்லை. அதன்பிறகு அந்தப் பெயரை நான் மறந்ததே இல்லை. அதனால்தான் எல்லா நோட்டிலும் பக்கத்தை மூன்றாகப் பிரித்தேன்: அறிவியல் பெயர், அடையாளம், நம் ஊர்ப் பெயர். மூன்றாவது பகுதி பல இடங்களில் காலியாக இருக்கிறது. தொண்டி, தேவிப்பட்டினம், கீழக்கரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு நிரப்புங்கள். ஒரே மீனுக்கு முப்பது கிலோமீட்டருக்குள் இரண்டு பெயர் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள்.

இப்போது நோட்டுகளுக்கு வருகிறேன்.

முதல் நோட்டு வகைப்பாடு. ஸ்பாட்டர் தேர்வுக்கு இதுதான் உயிர். காரல் மீன்களில் பலர் தடுமாறுவீர்கள். வாயை மெல்ல இழுத்துப் பாருங்கள்: மேல்நோக்கி நீண்டால் செக்யூட்டர், கீழ்நோக்கி நீண்டால் லியோக்னாத்தஸ், நேராக நீண்டு கோரைப்பல் தெரிந்தால் காசா. நண்டில் கடைசிக் கால் துடுப்புபோல் தட்டையாக இருந்தால் நீந்தும் நண்டு. வயிற்று மடல் ஒடுங்கியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். கடல்புல்லையும் பாசியையும் குழப்புவது இன்னும் மோசமான தவறு. கடல்புல்லுக்கு வேர் உண்டு, நரம்பு உண்டு, அது பூக்கும். பாசிக்கு இவை எதுவும் இல்லை; பாறையைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பு மட்டும்தான். என் சித்தி சின்னப்பாலத்தில் பாசி எடுப்பவர். மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகார் தருபவை, இரண்டும் சிவப்புப் பாசிகள். கட்டக்கோரை ஆல்ஜினேட் தரும் பழுப்புப் பாசி என்பதை, ஜெலிடியெல்லா, கிராசிலேரியா, சர்காசம் என்ற பெயர்களைப் படிக்கும் முன்பே எது எந்த விலைக்குப் போகும் என்று அவர் சொன்னதிலிருந்து கற்றேன்.

இங்கே ஒரு தேதியைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நமக்குத் தேர்வு வருவதும் அதே சமயம்தான். ஏப்ரல் கடைசியில் இறங்குதளத்துக்குப் போய் மீன் பார்த்துப் படிக்கலாம் என்று நினைத்தால் அங்கே கட்டிப்போட்ட படகுகளைத்தான் பார்ப்பீர்கள். நாட்டுப்படகு மீன் வரும், ஆனால் இழுவலையில் ஏறும் அத்தனை வகையும் வராது. இந்த மார்ச் மாதத்திலேயே நான்கு விடியற்காலை போய்விடுங்கள். ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள். அது முடிந்ததும் ஒதுக்கிப் போடும் கழிவு மீன் குவியலைக் கிளறிப் பார்க்க யாரும் தடை சொல்வதில்லை. பாடத்தில் பாதி அந்தக் குவியலில் கிடக்கும்.

இரண்டாம் நோட்டு கடலியல். சிறியது, எளியது. காற்றும் நீரோட்டமும் புரியவில்லை என்றால் பாம்பன் பாலத்தில் பஸ் ஏறும்போது இரு பக்கமும் பாருங்கள். பாம்பனிலிருந்து கல்லூரிக்குப் போகும்போது வலப்பக்கம் பாக் விரிகுடா, நம் வடகடல். இடப்பக்கம் மன்னார் வளைகுடா, தென்கடல். தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்க வடகடல் குளம்போல் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் தலைகீழ். பெரியவர்கள் ஒன்றை ஆண்கடல், மற்றொன்றைப் பெண்கடல் என்பதும் ஆழம், அலை இவற்றின் வேறுபாட்டைப் பார்த்துத்தான்.

மூன்றாம் நோட்டு நீர்ப் பகுப்பாய்வு. செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் கணக்கில் அல்ல, கையில். கரைந்த ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் பார்க்கும்போது பாட்டிலில் ஒரு குமிழி இருந்தாலும் காற்றின் ஆக்சிஜன் சேர்ந்துவிடும். பாட்டிலை நீருக்குள் சாய்த்து நிரப்பி, நீருக்குள்ளேயே மூடுங்கள். மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் கரையிலேயே சேர்க்க வேண்டும். ஆய்வகம் வந்து சேர்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் வழியிலேயே அளவு மாறிவிடும். வீழ்படிவு பழுப்பானால் ஆக்சிஜன் இருக்கிறது, வெள்ளையாகவே நின்றால் இல்லை. தயோசல்பேட் விட்டுத் தரம்பார்க்கும்போது, நீர் வைக்கோல் மஞ்சளாக வெளிறிய பிறகே ஸ்டார்ச்சை விடுங்கள். V என்பது செலவான தயோசல்பேட்டின் mL, N அதன் நார்மாலிட்டி. கணக்கு இவ்வளவுதான்:

```
DO (mg/L) = (V × N × 8 × 1000) / மாதிரி mL
(7.5 × 0.01 × 8 × 1000) / 100 = 6.0 mg/L
6.0 / 1.429 = 4.2 mL/L
```

அலகை எழுதாமல் விட்டால் விடை முழுமையாகாது. உப்புத்தன்மைக்குப் பழைய நோட்டுகளில் S = 0.030 + 1.8050 Cl என்று இருக்கும். குளோரின் பூச்சியமான நன்னீருக்கும் அது 0.03 உப்பைக் காட்டும்; அதனால்தான் S = 1.80655 Cl என்று மாற்றினார்கள். நம் பாடத்திட்டம் கேட்பது இரண்டாவதை.

நான்காம் நோட்டுக்குத்தான் நான் அதிகம் உழைத்திருக்கிறேன்: மீன்வள உயிரியல். வளர்ச்சிச் சமன்பாட்டைப் பார்த்ததும் பலர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். திருப்ப வேண்டாம்.

```
L(t) = L∞ (1 − e^(−K(t − t0)))
```

மீன் எட்டக்கூடிய எல்லை நீளம் L∞ = 20 செ.மீ., அதை எட்டும் வேகம் K = 1, நீளம் பூச்சியமாக இருக்கும் வயது t0 = 0 என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு முடிவில் 12.6, இரண்டாம் ஆண்டில் 17.3, மூன்றாம் ஆண்டில் 19.0. முதல் ஆண்டில் பன்னிரண்டு செ.மீ.க்கு மேல் வளர்ந்த மீன் மூன்றாம் ஆண்டில் இரண்டு செ.மீ.கூட வளரவில்லை. சிறுவயதில் வேகம், பிறகு தளர்ச்சி: சமன்பாடு சொல்வது இதை மட்டும்தான். K பெரிதானால் மீன் தன் எல்லையை விரைவில் எட்டும்.

அடுத்தது இறப்பு வீதம். Z மொத்த இறப்பு, F பிடிப்பினால் வருவது, M இயற்கையாக வருவது, E சுரண்டல் வீதம்: Z = F + M, E = F / Z. மொத்தம் 3.0, இயற்கை இறப்பு 1.2 என்றால் பிடிப்பினால் 1.8; E = 0.6. பொதுவாக வைத்துக்கொள்ளும் 0.5-ஐத் தாண்டிவிட்டது, அளவுக்கு மீறிப் பிடிக்கிறோம் என்று பொருள். இந்தக் கணக்கை முதல்முறை போட்டு முடித்த இரவு, பெரியப்பா தன் வாலிபத்தில் கிடைத்த சூடையைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இது தேர்வுக்கான பகுதி மட்டும் அல்ல. நம் வீட்டு அடுப்பு எரிவதைப் பற்றிய பகுதி.

என் பிராஜெக்டில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஒரு மாதம் நீள-எடை அளவு எடுத்தேன். முதல் வாரம் வாலின் நுனி வரையும், பிறகு வால் கவட்டை வரையும் அளந்திருந்தேன்; இரண்டையும் ஒரே அட்டவணையில் எழுதிவிட்டேன். நீளத்துக்கேற்ப எடை கூடுவதைக் காட்டும் b மதிப்பு 3-க்குப் பக்கத்தில் வராமல் எங்கோ போனபோதுதான் புரிந்தது. முழுவதையும் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அளக்கத் தொடங்கும் நாளிலேயே எந்த நீளம் என்று நோட்டின் தலைப்பில் எழுதி வையுங்கள்.

ஐந்தாம் நோட்டு பாதுகாப்பும் சட்டமும். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986, உயிர்க்கோளக் காப்பகம் 1989, 21 தீவுகள். அவற்றில் இரண்டு நீருக்குள் போய்விட்டன, பவளப்பாறைகளை வெட்டி எடுத்தது முக்கியக் காரணம். பவளம் பெரிதாக வெளுத்த ஆண்டுகளில் 1998, 2010, 2016 முக்கியமானவை. பாக் விரிகுடாவில் கடற்பசுக் காப்பகம் 2022. வனவிலங்குச் சட்டத்தில் ஆறு அட்டவணைகள் என்று பழைய நோட்டில் இருக்கும்; 2022 திருத்தத்துக்குப் பின் நான்குதான், சிவப்பு மையில் திருத்தியிருக்கிறேன். கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாம் இந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. கரையொதுங்கிய செத்த பவளத்தைக்கூட ரெக்கார்டுக்காகவோ அறையில் அழகுக்காகவோ எடுத்து வராதீர்கள். படம் எடுங்கள், வரையுங்கள்.

வரைவது என்றதும் நினைவுக்கு வருகிறது: ரெக்கார்டு நோட்டை வாரத்துக்கு வாரம் முடித்துக் கையெழுத்து வாங்குங்கள். கடைசி வாரம் இருபது படம் வரைந்து இரண்டு தாளுக்குப் படிக்காமல் போனவர்களை எங்கள் வகுப்பிலேயே பார்த்தேன்.

தமிழ் வழியில் வந்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதலில் விடையைத் தமிழில் யோசித்து நான்கு வரி எழுதிப் பாருங்கள். புரிந்திருந்தால் நான்கு வரி தானாக வரும். பிறகு கலைச்சொற்களை அதில் பொருத்துங்கள். நான்காம் நோட்டின் பின்பக்கத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள் இப்படி எழுதியிருக்கிறேன். வகுப்பில் சந்தேகம் கேட்க வெட்கப்பட்டு ஓராண்டை இழந்தேன். நீங்கள் கேளுங்கள், இரண்டாம் முறையும் கேளுங்கள்.

மூன்றாம் நோட்டின் 41-ஆம் பக்கத்தில் பாஸ்பேட் கணக்கு ஒன்று எனக்கே இன்னும் சரியாக வரவில்லை, பென்சிலில் வட்டமிட்டிருக்கிறேன். அதை அப்படியே நம்பாமல் ஆசிரியரிடம் காட்டுங்கள். தேர்வு முடிந்தபின் தடைக்காலம் தீரும் வரை பாம்பனில்தான் இருப்பேன். மாலையில் கலங்கரை விளக்கத்துப் பக்கம் வலை பின்னும் இடத்தில் அப்பாவோடு உட்கார்ந்திருப்பேன், நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
ரெஜினா அக்கா
கடல் உயிரியல், மூன்றாம் ஆண்டு