வற்றாப்பளைக் காணொளி: பதிவேற்றமும் வெளியாகும் நேரமும்

வணக்கம் அண்ணா,

பொங்கல் காணொளியின் இறுதிப் பிரதியை வியாழக்கிழமை இரவு டிரைவில் போட்டிருந்தேன். அன்றிரவே இறக்கி, ரொறொன்ரோவில் இருக்கும் தம்பி யூடியூபில் ஏற்றிவிட்டதாக நேற்று எழுதியிருந்தீர்கள். நேரம் குறித்து வைக்கப்பட்ட காணொளி, அந்த நேரம் வரும்வரை என் பக்கத்திலிருந்து தெரியாது. அதனால்தான் உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, காணொளி முழுத் தரத்துக்கு வந்துவிட்டதா? ஏற்றியவுடன் யூடியூப் குறைந்த தரத்தைத்தான் முதலில் தயாரிக்கும். 4K பின்னால் மெதுவாக வரும். இருபத்து நான்கு நிமிடக் கோப்புக்கு மணிக்கணக்காகலாம். பகல் காட்சிகள் மங்கலாகத் தெரிந்தால் ஆட்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஆனால், கடல்நீரில் விளக்கெரியும் காட்சி முழுவதும் இருட்டில் எடுத்தது. தரம் குறைந்தால் சுடரைச் சுற்றிக் கட்டங்கட்டமாக உடையும். அந்த விளக்கைப் பார்ப்பதற்காகவே வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைத் திறப்பார்கள். யூடியூப் ஸ்டூடியோவுக்குள் காணொளியை ஓடவிட்டு, பற்சக்கரக் குறியை அழுத்தித் தர வரிசையைப் பாருங்கள். 2160p இருந்தால் வேலை முடிந்துவிட்டது. 360p மட்டும் இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். அதற்காக அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டாம், வரிசை முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டாவது நேரம். எனக்கு இதில்தான் கூடுதல் யோசனை. ஞாயிறு மாலை 6 மணி என்று நாம் பேசியது இலங்கை நேரம். தம்பி தன் கணினியிலிருந்து 6 மணி என்றே போட்டிருந்தால், இங்கே திங்கள் அதிகாலை 3.30 ஆகிவிடும். பொங்கலுக்குப் போகிறவர்கள் அதற்குள் கிளம்பிவிடுவார்கள். கனடா நேரத்தில் போடுவதென்றால் ஞாயிறு காலை 8.30 என்று இருக்க வேண்டும். நேரத்தோடு தெரியும் நேரவலயத்தையும் ஒருதடவை கவனிக்கச் சொல்லுங்கள். நிலை Scheduled என்று இருக்க வேண்டும். Private என்று மட்டும் இருந்தால் அது தானாக வெளிவராது. பிரீமியர் வேண்டாம் என்றும் முடிவெடுத்திருந்தோம், அந்தத் தெரிவு விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

முகப்புப் படத்தில் நான் ‘வற்றாப்பளை’ என்றுதான் எழுதியிருக்கிறேன். தலைப்பில் யாராவது ‘வட்டாப்பளை’ ஆக்கியிருந்தால் தயவுசெய்து மாற்றிவிடுங்கள், ஊர்க்காரர் கருத்துப் பகுதியில் அதைத் தவிர வேறொன்றும் பேசமாட்டார்கள்.

ஸ்டூடியோவில் இவை தெரியும் பக்கத்தை அப்படியே படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும், தனியாகப் பதில் எழுதத் தேவையில்லை. இன்று இரவு பத்து மணிவரை புதுக்குடியிருப்பில் கணினி முன்னால்தான் இருப்பேன். நாளை மத்தியானத்துக்குப் பிறகு கோயில் பக்கம் போய்விடுவேன். அந்தச் சனத்துக்குள் போன் எடுபடுமென்று நம்பவேண்டாம். திருத்தம் ஏதும் இருந்தால் அதற்கு முன்னர் சொல்லுங்கள். மூலக் கோப்புகள் கையில் இருக்கின்றன.

அன்புடன்,
நிரோஜன்
புதுக்குடியிருப்பு